2015 மழைக்கு 2014 கட்டுரையைச் சான்று காட்டச் சொல்கிறீர்கள்: ஆய்வுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு இயக்குநர் அவர்களுக்கும், முனைவர் பட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

துணைநூற்பட்டியலில் புத்தகங்களும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். விரிவுரைக் காணொளி, இணையத்தில் இறக்கிய தரவு, சமூக ஊடகப் பதிவு, அச்சில் வராத வகுப்புக் குறிப்பு எல்லாமே 'தரமற்ற சான்றுகள்', அவற்றை எடுத்துவிட்டு அந்தந்த இடத்தில் 'தகுந்த அச்சுச் சான்று' போட வேண்டும், இல்லையென்றால் ஆய்வேடு திருப்பி அனுப்பப்படும் என்கிறது அது. சொன்னபடியே என்னிடம் ஆய்வு செய்யும் மாணவியின் ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது. சென்னையில் 2015 டிசம்பரில் வந்த வெள்ளத்தைப் பற்றிய ஆய்வு அது. நெறியாளர் என்ற முறையில் அந்தத் திருத்தங்களைச் செய்து கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஏன் முடியாது என்பதை அந்த ஆய்வேட்டை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

முதலில் மழைத் தரவு. மாணவி பயன்படுத்தியது இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் கட்டத் தரவு. நாட்டை 0.25 டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு மழையளவு தரும் கோப்பு அது, ஆண்டுக்கு ஒன்றாகக் கிடைக்கும். பட்டியலில் அவர் இரண்டு பதிவுகள் போட்டிருந்தார். ஒன்று, அந்தத் தரவு எப்படி உருவாக்கப்பட்டது என்று விளக்கும் கட்டுரை: பாய் முதலியோர், மௌசம் இதழ், 65ஆம் தொகுதி, 2014. இன்னொன்று தரவுக் கோப்பே: வெளியிட்ட துறையின் பெயர், 2015ஆம் ஆண்டுக்கான கோப்பு, கட்ட அளவு, இறக்கிய தேதி, இணைய முகவரி. உங்கள் அலுவலகம் இரண்டாவதை அடித்துவிட்டு 'கட்டுரை ஒன்றே போதும்' என்று எழுதியிருக்கிறது.

போதாது. அந்தக் கட்டுரை விவரிப்பது 1901 முதல் 2010 வரையிலான மழையை. தலைப்பிலேயே அந்த ஆண்டுகள் இருக்கின்றன. 2014இல் அச்சான கட்டுரையில் 2015 டிசம்பர் மழை எங்கிருந்து வரும்? நீங்கள் சொன்னபடி திருத்தினால், ஆய்வேட்டின் முக்கியமான அட்டவணைக்குக் கீழே, அந்த எண்களில் ஒன்றுகூட இல்லாத ஒரு கட்டுரையின் பெயர் சான்றாக நிற்கும். வைவாவில் வெளித்தேர்வாளர் இதைக் கேட்டால் மாணவி என்ன பதில் சொல்வார், ஆய்வுப் பிரிவு சொன்னது என்றா?

கட்டுரைக்குத் தரும் மேற்கோளும் தரவுக்குத் தரும் மேற்கோளும் வேறு வேறு வேலை செய்கின்றன. முறையை யார் உருவாக்கினார்கள் என்பதைக் கட்டுரை சொல்கிறது, என் கையில் இருக்கும் எண்கள் எந்தக் கோப்பிலிருந்து வந்தன என்பதைத் தரவு மேற்கோள் சொல்கிறது. கோப்பு மாறினால் எண்ணும் மாறும். செயற்கைக்கோள் வழி மழையளவு தரும் சிர்ப்ஸ் தரவை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் முதலில் ஒரு தற்காலிகப் பதிப்பு வருகிறது, நிலையங்களின் அளவுகள் கூடுதலாக வந்து சேர்ந்தபின் இறுதிப் பதிப்பு வருகிறது. 'சிர்ப்ஸ் தரவு' என்று மட்டும் எழுதிய இரண்டு பேர் ஒரே ஊருக்கு ஒரே மாதத்துக்கு இரண்டு விதமான எண் காட்டலாம், இருவரும் பொய் சொல்லவில்லை. பதிப்பு எண்ணும் இறக்கிய தேதியும் இருந்தால் வித்தியாசம் ஏன் என்று உடனே தெரியும், இல்லையென்றால் ஒருவர் தப்பு செய்துவிட்டார் என்றுதான் நினைப்போம்.

இதோடு நிற்கவில்லை. மாணவி தரவு மேற்கோளோடு ஒரு வரி சேர்த்திருந்தார்: தேதி என்பது அன்று காலை 8.30க்கு முடியும் 24 மணி நேரத்தைக் குறிக்கும் என்று. அதையும் சேர்த்து அடித்துவிட்டீர்கள். அப்புறம் அதே ஆய்வேட்டில் மூன்று பக்கம் தள்ளி, 'பெருமழை பெய்தது டிசம்பர் 1, அட்டவணையில் டிசம்பர் 2 என்று உள்ளது, பிழை' என்று எழுதியிருக்கிறீர்கள். பிழை இல்லை. தாம்பரத்தில் பதிவான 49 சென்டிமீட்டர், டிசம்பர் 1 காலை 8.30 முதல் டிசம்பர் 2 காலை 8.30 வரை பெய்தது, வானிலைத் துறையின் கணக்கில் அது 2ஆம் தேதி மழை. கட்டத் தரவில் அந்த 49 அப்படியே இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். ஒரு கட்டம் ஒரு பக்கத்துக்குச் சுமார் 27 கிலோமீட்டர். ஒரு நிலையத்தில் கொட்டியது, சுற்றியுள்ள மற்ற நிலையங்களோடு கலந்து சமன்படுத்தப்பட்டுத்தான் கட்டத்தின் மதிப்பாக வரும். எது நிலைய அளவு, எது கட்ட அளவு என்பதை வாசகருக்குச் சொல்லும் ஒரே இடம் நீங்கள் நீக்கச் சொன்ன அந்தப் பதிவுதான்.

அடுத்தது வகுப்புக் குறிப்பு. இங்கே உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. 'வகுப்புக் குறிப்புகள், 2019' என்று ஒருவர் எழுதினால் அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேட முடியாது. ஆனால் நீங்கள் சொல்லும் தீர்வு நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது, எப்படி என்று பாருங்கள்.

பெய்த மழையில் எவ்வளவு ஓடி வரும் என்று கணக்கிட எங்கள் துறையில் கர்வ் நம்பர் முறை உண்டு. அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை உருவாக்கியது. நிலம் முதலில் கொஞ்சம் மழையைக் குடித்துக்கொள்ளும், அதன் பிறகுதான் நீர் ஓடத் தொடங்கும். அந்த முதல் இழப்பு, நிலத்தின் மொத்தக் கொள்திறனில் எத்தனை பங்கு என்பதற்கு அமெரிக்க நூல்களில் 0.2 என்றுதான் வழக்கமாக இருக்கும். இந்தியாவில் பெரும்பாலான மண்ணுக்கு 0.3, ஒரு வகைக் கரிசல் மண்ணுக்கு 0.1 என்று எடுக்கும் வழக்கம் உண்டு. மாணவி எடுத்தது 0.3. அதை அவர் கற்றது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்பிலிருந்து. ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாக எங்கள் துறையில் எல்லாரிடமும் சுற்றும் குறிப்பு அது. அதை மேற்கோள் காட்டியிருந்தார். உங்கள் அலுவலகம் அதை எடுத்துவிட்டு, நூலகத்தில் இருக்கும் ஓர் அமெரிக்கப் பாடநூலின் பெயரைப் பென்சிலில் எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தப் பாடநூலில் இருப்பது 0.2.

இதனால் என்ன ஆகும் என்று சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கர்வ் நம்பர் 80 என்றால் கொள்திறன் 63.5 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் மழைக்கு, 0.2 வைத்தால் ஓடுநீர் 50.5 மில்லிமீட்டர், 0.3 வைத்தால் 45.4. வித்தியாசம் 5 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு அது சுமார் 50 லட்சம் லிட்டர் தண்ணீர். தேர்வாளர் சான்றாகக் காட்டப்பட்ட பாடநூலைத் திறந்து கணக்கைச் சரிபார்த்தால் விடை வராது, மாணவிக்குக் கணக்குத் தெரியவில்லை என்றுதான் முடிவு கட்டுவார். கணக்கு சரியானது, நீங்கள் மாற்றிப் போட்ட சான்றுதான் தவறு.

சரி, அப்படியானால் வகுப்புக் குறிப்பை என்னதான் செய்வது? குறிப்பில் இருப்பது ஆசிரியரின் சொந்தச் சரக்கா, அவர் வேறெங்கிருந்தாவது எடுத்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். 0.3 என்பது அந்த ஆசிரியர் கண்டுபிடித்தது இல்லை. இந்தியப் பாடநூல்களில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும். மாணவி அந்த நூலை எடுத்து, அந்தப் பக்கத்தைப் படித்து, அதை மேற்கோள் காட்ட வேண்டும், இந்தத் திருத்தத்தை நானே அவரிடம் செய்யச் சொல்லிவிட்டேன். படிக்காமல் பெயரை மட்டும் மாற்றுவது கூடாது, அது எந்த நூலாக இருந்தாலும்.

ஆனால் அதே குறிப்பில், நீர் வற்றிய ஏரிப்படுகைக்கு என்ன கர்வ் நம்பர் எடுக்கலாம் என்று அந்த ஆசிரியர் தன் கள அளவீடுகளிலிருந்து போட்ட சிறு அட்டவணை ஒன்று இருக்கிறது. அது எந்த அச்சிலும் வரவில்லை. மாணவி ஆய்வின் ஒரு முழு இயல் அதன் மேல்தான் நிற்கிறது. இதற்கு 'தகுந்த அச்சுச் சான்று' கிடையாது. அப்போது இருப்பது மூன்று வழிதான். யாரையும் சொல்லாமல் அட்டவணையைத் தன்னுடையதாகப் போட்டுக்கொள்வது, சம்பந்தமில்லாத நூலின் பெயரைப் போடுவது, இல்லை உள்ளதைச் சொல்வது. சுற்றறிக்கை மூன்றாவதை மட்டும் அடைத்துவிட்டு முதல் இரண்டையும் திறந்து வைத்திருக்கிறது. உள்ளதைச் சொல்வது என்றால் ஆசிரியரின் பெயர், குறிப்பின் தலைப்பு, எந்தப் பருவத்தில் எந்தத் தாளுக்காக எழுதியது, வெளியிடப்படாதது என்ற சொல், பக்கம், ஒரு பிரதி எங்கே இருக்கிறது என்ற தகவல், எல்லாம் வர வேண்டும். அந்த ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்த இரண்டு பக்கங்களைப் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டால் தேர்வாளர் தானே பார்த்துக்கொள்வார். மாணவி தன் நோட்டில் தானே எழுதிக்கொண்டது வேறு விஷயம், அதற்கு ஆசிரியர் பொறுப்பாளி இல்லை. அதை அவர் தலையில் கட்டுமுன் ஒருமுறை அவரிடம் காட்டி 'நீங்கள் சொன்னது இதுதானா' என்று கேட்டுவிட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உங்கள் சுற்றறிக்கையின் முதல் பத்தியே ஏபிஏ ஏழாம் பதிப்பைப் பின்பற்றச் சொல்கிறது. அந்தப் பதிப்பில் யூடியூப் காணொளிக்கு, தரவுத்தொகுப்புக்கு, ட்விட்டர் பதிவுக்கு எல்லாம் தனித்தனி வடிவம் கொடுத்திருக்கிறார்கள். வாசகர் எடுத்துப் பார்க்க முடியாத வகுப்புக் குறிப்பைப் பட்டியலில் சேர்க்காமல், தனிப்பட்ட தகவல் என்று பெயரும் தேதியும் சேர்த்து உரைக்குள் மட்டும் குறிக்கச் சொல்கிறார்கள். அதாவது பட்டியலிலிருந்து எடுங்கள் என்பதில் நீங்கள் பாதி சரி. ஆனால் உங்கள் அலுவலகம் உரைக்குள் இருந்ததையும் அடித்துவிட்டது. அந்த முதல் பத்தியும், இவற்றையெல்லாம் தரமற்றவை என்னும் மூன்றாம் பத்தியும் ஒன்றையொன்று மறுக்கும்போது ஸ்காலர்கள் எதைப் பின்பற்றுவார்கள்?

காணொளிக்கு வருகிறேன். 'என்பிடெல், நீரியல், யூடியூப்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடும் மேற்கோள்களை நானும் பார்த்திருக்கிறேன், அவற்றை நீங்கள் திருப்பி அனுப்பினால் நான் கைதட்டுவேன். 12 வாரப் பாடம் ஒன்றில் அரை மணி நேர விரிவுரைகள் பல பத்து இருக்கும், அதில் எங்கே என்று தேடுவது? எந்த விரிவுரை, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று எழுதினால் பக்க எண் கொடுத்ததற்குச் சமம். இன்னொரு சிக்கல், ஏபிஏ முறைப்படி காணொளியைப் பதிவேற்றிய சேனலின் பெயர்தான் ஆசிரியர் இடத்தில் வரும், பேசிய பேராசிரியரின் பெயர் காணாமல் போய்விடும். அதனால் வாக்கியத்திலேயே இன்னார் தன் விரிவுரையில் சொல்கிறார் என்று பெயரைக் கொண்டுவந்துவிட வேண்டும், மாணவி அப்படித்தான் செய்திருந்தார். யூடியூப்பில் ஏற்றியவர் காணொளியின் தொடக்கத்தை வெட்டினாலும் முகவரி மாறாது, நிமிடக் கணக்கு மட்டும் நகர்ந்துவிடும். ஆகவே நிமிடத்தோடு அப்போது திரையில் இருக்கும் ஸ்லைடின் தலைப்பையும் எழுதி வைப்பது நல்லது. பேச்சை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடும்போது தானாக வரும் சப்டைட்டிலை நம்பக்கூடாது, நீரியல் கலைச்சொற்களை அது படுத்தும் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

சமூக ஊடகப் பதிவுகள் பற்றி உங்கள் குறிப்பு 'வதந்திகளைச் சான்றாகக் கொள்ளலாகாது' என்கிறது. 2015 வெள்ளத்தில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறியது என்பதற்கு மக்கள் அப்போது போட்ட பதிவுகளை விட்டால் பல இடங்களுக்கு வேறு பதிவே கிடையாது. அங்கே பதிவு என்பது கருத்துக்குச் சான்றாக வரவில்லை, ஆய்வுப் பொருளாகவே வருகிறது. ஆனால் நேரத்தில் கவனம் வேண்டும். இறக்கிய தரவில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். டிசம்பர் 2 அதிகாலை 2 மணிக்குப் போட்ட உதவிக் கோரிக்கை, தரவில் டிசம்பர் 1 இரவு 8.30 என்று நிற்கும். தண்ணீர் ஏறிய வரிசையையே இது புரட்டிப் போட்டுவிடும். எந்த நேரம் என்று மேற்கோளில் எழுதச் சொல்லுங்கள். சரிபார்க்கவும் வழி இருக்கிறது. ட்விட்டர் பதிவின் முகவரியில் கடைசியாக வரும் நீண்ட எண்ணுக்குள்ளேயே பதிவான நேரம் ஒளிந்திருக்கிறது:

```
(id >> 22) + 1288834974657
```

வரும் விடை 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லிநொடி, உலகப் பொது நேரத்தில். ஒருவர் கணக்கின் பெயரை மாற்றினாலும், 2023இல் தளமே எக்ஸ் என்று பெயர் மாறினாலும் இந்த எண் மாறாது. அதனால் மேற்கோளில் விடக்கூடாதது இந்த எண்தான். பதிவை நாளை நீக்கிவிட்டால்? அன்றே எடுத்த திரைப்பிடிப்பைத் தேதியோடு துறையில் வைத்திருக்க வேண்டும்.

இதில் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அந்தப் பதிவுகள் பலவற்றில் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் இருந்தன, உயிருக்குப் பயந்து போட்டவை. ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறிவிட்டால் உலகமே பார்க்கும். அரசுத் துறையின் கணக்கு, அமைச்சர், செய்தி நிறுவனம் போன்றவர்களின் பதிவைப் பெயரோடும் பதிவு எண்ணோடும் முழுமையாகக் காட்டலாம். தனி மனிதருடையதைப் பெயர் சொல்லாமல், சொற்களையும் மாற்றி, பகுதியையும் நேரத்தையும் மட்டும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வரியை அப்படியே போட்டால் தேடுபொறி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பதிவு எண்களின் பட்டியலைத் தேர்வாளருக்கு மட்டும் தனி உறையில் கொடுக்கலாம். என் மாணவி இப்படித்தான் செய்திருந்தார். 'விவரம் முழுமையாக இல்லை' என்று அதற்கும் ஒரு சிவப்புக் கோடு.

இணைய முகவரிகள் செத்துப்போகும் என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட முகவரிகளில் பாதி, முதலில் இருந்த விஷயத்துக்கு இப்போது போய்ச் சேரவில்லை என்று கண்டார்கள். ஆனால் அதற்கு மருந்து பிரதி எடுத்து வைப்பது. டிஓஐ இருந்தால் அதைக் கொடுப்பது, இல்லாத பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தில் சேமித்து அந்த முகவரியையும் சேர்ப்பது, இதற்கெல்லாம் சில நிமிடம்தான் ஆகும்.

இன்னொன்று. யுஜிசியின் 2018 விதிமுறைகள், பிறர் படைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவதைத்தான் கருத்துத் திருட்டு என்கின்றன. நாம் அதை ஒரு மென்பொருள் சொல்லும் 10 சதவீத ஒற்றுமையாகச் சுருக்கிவிட்டோம். அந்த மென்பொருளால் ஒரு விரிவுரையில் கேட்டதையோ கையெழுத்துக் குறிப்பில் பார்த்ததையோ பிடிக்க முடியாது. அந்த இடங்களில் நமக்கு இருக்கும் ஒரே காவல் ஸ்காலர் தானாக முன்வந்து சொல்வதுதான், அதைத்தான் நீங்கள் தண்டிக்கிறீர்கள். இந்த ஆய்வேடு திரும்பி வந்த செய்தி பரவியதும் பக்கத்துத் துறை ஸ்காலர் ஒருவர் என்னிடம் வந்து, 'அப்போ நான் வீடியோ பார்த்ததையே எழுதாம விட்டுடட்டுமா சார்?' என்று கேட்டார்.

ஆகவே கேட்கிறேன். சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தியைத் திரும்பப் பெறுங்கள், அதற்குப் பதிலாக 'தரவு, காணொளி, சமூக ஊடகப் பதிவு, வெளியிடப்படாத குறிப்பு ஆகியவற்றை முதலாம் பத்தியில் சொன்ன முறைப்படியே காட்டவும்' என்று ஒரு வாக்கியம் போட்டால் போதும். தரவுக்குப் பதிப்பும் இறக்கிய தேதியும், காணொளிக்கு நிமிடமும், பதிவுக்கு எண்ணும் நேர மண்டலமும் இல்லையென்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள், நானும் ஆதரிக்கிறேன். வெளியிடப்படாத குறிப்புகளின் பிரதிகளை ஆசிரியரின் அனுமதியோடு வாங்கி, வரிசை எண் போட்டு வைக்க நூலகத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள், ஓய்வுபெற்றவர்களின் குறிப்புகளை முதலில் வாங்குங்கள். தனி மனிதர்களின் பதிவுகளைப் பெயர் நீக்கிக் காட்டுவது குறையாகக் கொள்ளப்படாது என்று எழுத்தில் தாருங்கள். அலுவலகத்தில் யாரும் ஸ்காலர் படிக்காத நூலின் பெயரை ஆய்வேட்டில் பென்சிலால் எழுதிக் கொடுக்கக் கூடாது, இதை இன்றே நிறுத்தலாம், இதற்குக் கூட்டம் எதுவும் தேவையில்லை.

என் மாணவியின் ஆய்வேட்டை 0.3க்கான பாடநூல் மேற்கோளை மட்டும் சேர்த்து, மற்றவற்றைத் தொடாமல் மீண்டும் அனுப்புகிறேன். அதை ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் எந்த மேற்கோள் எந்தக் காரணத்தால் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் தாருங்கள், மறுபடியும் சிவப்புக் கோடு வேண்டாம்.

இப்படிக்கு,
நீர்வளத் துறை நெறியாளர் ஒருவர்